இறங்கும் ஃபார்முலாவும் நிற்கும் விலையும்

(கணக்கு எழுதப் பழகுவோருக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேசப் போவது ஒரே ஒரு குறியைப் பற்றி: கீபோர்டில் 4 என்ற எண்ணுக்கு மேலே இருக்கும் டாலர் குறி. ரூபாயில் கணக்கு எழுதுகிற நமக்கு டாலர் எதற்கு என்று கேட்பீர்கள். எக்செலில் அந்தக் குறிக்கும் பணத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒரு ஃபார்முலாவைக் கீழே இழுக்கும்போது அதில் எது நகர வேண்டும், எது நகரக் கூடாது என்று சொல்வதற்கு அது பயன்படுகிறது. கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் எதில் வேலை செய்தாலும் இதே குறிதான், இதே பொருள்தான்.

பொதுவாகப் பேசினால் இது மனத்தில் நிற்காது. ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். கிராமத்துப் பால் சங்கம் ஒன்றில் வாரக் கணக்கு போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் கொழுப்புச் சத்தைப் பொறுத்துப் பாலின் விலை மாறும். இன்றைக்கு அந்தச் சிக்கல் வேண்டாம். எல்லோருக்கும் லிட்டருக்கு ஒரே விலை, 36 ரூபாய் என்று கொள்வோம். உறுப்பினர் ஐந்து பேர். தாள் இப்படி இருக்கிறது:

```
     A           B        C        D          E
1                         விலை     36
2
3    உறுப்பினர்   லிட்டர்   தொகை    பிடித்தம்   நிகரம்
4    101         40                40
5    102         25                30
6    103         52                50
7    104         30                40
8    105         45                30
```

மேலே D1 செல்லில் லிட்டர் விலை. இரண்டாம் வரிசை வெறுமை. மூன்றாம் வரிசையில் தலைப்புகள். நான்காம் வரிசையிலிருந்து உறுப்பினர்கள். B நெடுவரிசையில் வாரம் முழுக்க ஊற்றிய பால், D நெடுவரிசையில் சேமிப்புக்காகப் பிடிக்கும் தொகை. C-யில் பால் பணம் வர வேண்டும். E-யில் பிடித்தம் போகக் கைக்குக் கிடைக்கும் பணம் வர வேண்டும்.

முதலில் எளிதான E-யைப் பார்ப்போம். E4-இல் இப்படி எழுதுகிறோம்:

```
=C4-D4
```

எழுதி என்டர் தட்டிவிட்டு, மறுபடி அந்தச் செல்லைக் கிளிக் செய்தால், அதன் வலது கீழ் மூலையில் ஒரு சின்னச் சதுரம் தெரியும். அதைப் பிடித்து எட்டாம் வரிசை வரை இழுத்துவிடுகிறோம். இப்போது E5-ஐக் கிளிக் செய்து மேலே ஃபார்முலா பட்டையைப் பாருங்கள். அங்கே =C5-D5 என்று இருக்கும். E8-இல் =C8-D8 இருக்கும். நாம் எழுதியது ஒன்று, கிடைத்தது ஐந்து. ஒவ்வொன்றும் தன் வரிசைக்கு ஏற்றபடி தானே மாறிக்கொண்டது. நமக்கு வேண்டியதும் அதுதான். ஐந்தாம் வரிசைக்காரரின் தொகையிலிருந்து ஐந்தாம் வரிசைக்காரரின் பிடித்தம்தானே கழிய வேண்டும்?

எப்படி மாறியது? நாம் C4 என்று எழுதினாலும் எக்செல் அதை C4 என்ற பெயராகக் கொள்வதில்லை. "நான் இருக்கும் செல்லிலிருந்து இடப்பக்கம் இரண்டு செல் தள்ளி, இதே வரிசையில்" என்று ஒரு வழியாகக் கொள்கிறது. D4 என்பது "இடப்பக்கம் ஒரு செல் தள்ளி". ஃபார்முலாவைக் கீழே நகலெடுக்கும்போது இந்த வழி அப்படியே போகிறது. புறப்படும் இடம் மட்டும் மாறுகிறது. புறப்படும் இடம் மாறினால் போய்ச் சேரும் இடமும் மாறத்தான் செய்யும். இப்படிப்பட்ட முகவரியை ரெலடிவ் ரெஃபரன்ஸ் என்பார்கள். நாம் சார்பு முகவரி என்று சொல்லலாம்.

தெருவில் குடியிருப்பவர் ஒவ்வொருவரும் "எதிர்வீடு" என்றால் அது வேறு வேறு வீடு. "12-ஆம் எண் வீடு" என்றால் யார் சொன்னாலும் அது ஒரே வீடு. முதல் வகை சார்பு முகவரி. இரண்டாவது வகையும் நமக்கு வேண்டியிருக்கிறது. எங்கே என்றால், C நெடுவரிசையில்.

C4-இல் பால் பணம் போட வேண்டும். லிட்டரை விலையால் பெருக்க வேண்டும். புதிதாகப் பழகுபவர் யாரும் எழுதுவது இதுதான்:

```
=B4*D1
```

40 லிட்டரை 36 ரூபாயால் பெருக்கினால் 1,440. சரியான விடை. மகிழ்ச்சியோடு கீழே இழுக்கிறார். திரையில் வருவது இது:

```
C4    =B4*D1     1440
C5    =B5*D2     0
C6    =B6*D3     #VALUE!
C7    =B7*D4     1200
C8    =B8*D5     1350
```

இந்த ஐந்து வரிசையையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இந்தப் பாடத்தின் முழுச் சாரமும் இங்கேதான் இருக்கிறது.

C4-இல் இருக்கும் ஃபார்முலாவுக்கு D1 என்பது "மூன்று வரிசை மேலே, வலப்பக்கம் ஒரு செல்". ஐந்தாம் வரிசையிலிருந்து மூன்று வரிசை மேலே போனால் இரண்டாம் வரிசை. D2 வெறும் செல். பெருக்கலில் எக்செல் வெறும் செல்லைச் சைபராக எடுத்துக்கொள்ளும். 25 லிட்டர் ஊற்றியவருக்குப் பணம் சைபர் என்று வருகிறது. இந்தத் தவறு கண்ணில் பட்டுவிடும்; அந்த உறுப்பினரே வந்து கேட்பார்.

ஆறாம் வரிசையிலிருந்து மூன்று வரிசை மேலே போனால் D3. அங்கே "பிடித்தம்" என்ற எழுத்து இருக்கிறது. 52-ஐ எழுத்தால் பெருக்க முடியாது. எனவே #VALUE! என்று எக்செல் கையை விரித்துவிடுகிறது. கீழே SUM போட்டு C-யைக் கூட்டினால் கூட்டுத்தொகையிலும் அதே #VALUE! வந்து நிற்கும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் நம்மை ஏமாற்றாத தவறு இது.

ஏழாம் வரிசைதான் ஆபத்தானது. அதிலிருந்து மூன்று வரிசை மேலே D4. அது முதல் உறுப்பினரின் பிடித்தத் தொகை, 40 ரூபாய். ஏழாம் வரிசைக்காரரின் 30 லிட்டர் அந்த 40-ஆல் பெருக்கப்பட்டு 1,200 ஆகிறது. வர வேண்டியது 1,080. அதாவது 120 ரூபாய் கூடுதல். எட்டாம் வரிசையில் 45 லிட்டர் D5-இல் இருக்கும் 30-ஆல் பெருக்கப்பட்டு 1,350 வருகிறது. வர வேண்டியது 1,620. அவருக்கு 270 ரூபாய் குறைகிறது. இந்த இரண்டு எண்ணிலும் ஒரு குறையும் தெரியாது. பால் பணம் என்று பார்த்தால் நம்பும்படியான தொகைதான். தாளை அச்செடுத்துப் பட்டுவாடா செய்யும் வரைக்கும் யாருக்கும் சந்தேகம் வராது. இடுபொருள் சரி, பெருக்கல் சரி, ஃபார்முலாவும் முதல் வரிசையில் சரி. தவறு நகலெடுத்ததில் மட்டும் இருக்கிறது.

ஆகவே, ஒரு ஃபார்முலாவைக் கீழே இழுக்கும் முன் அதிலுள்ள ஒவ்வொரு முகவரியையும் தொட்டு ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "அடுத்த வரிசைக்குப் போகும்போது இதுவும் கூட வர வேண்டுமா, இங்கேயே நிற்க வேண்டுமா?" =B4*D1-இல் B4 கூட வர வேண்டும்; ஒவ்வொருவரின் லிட்டரும் வேறு. D1 நிற்க வேண்டும். எல்லோருக்கும் விலை ஒன்று.

இந்தக் கேள்வி நான் கண்டுபிடித்தது அல்ல. டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்ஸ்டனும் உருவாக்கி 1979-இல் ஆப்பிள் II கணினிக்கு வந்த விசிகால்க்கில் இருந்தே இது இருக்கிறது. அதில் ஒரு ஃபார்முலாவை வேறு செல்களுக்கு நகலெடுக்கப் போனால், அதிலுள்ள ஒவ்வொரு முகவரிக்கும் நிரல் நின்று கேட்கும்: மாறாமல் இருக்கட்டுமா, சார்பாக மாறட்டுமா என்று. N அல்லது R என்று விடை தட்ட வேண்டும். ஒவ்வொரு முறை நகலெடுக்கும்போதும் இதே கேள்வி. 1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3-இல் அந்த விடையை ஃபார்முலாவுக்குள்ளேயே டாலர் குறியாக எழுதிவைத்துவிடலாம். எக்செலிலும் அப்படித்தான். இப்போது மென்பொருள் நம்மைக் கேட்பதில்லை. நாம் ஒன்றும் எழுதாவிட்டால், கூடவே வரட்டும் என்று எடுத்துக்கொள்கிறது. கேள்வி போய்விடவில்லை, கேட்கும் பொறுப்பு நம் தலையில் விழுந்துவிட்டது.

சரி, D1-ஐ எப்படி நிறுத்துவது? C4-ஐ இப்படித் திருத்துகிறோம்:

```
=B4*$D$1
```

டாலர் குறி தனக்கு வலப்பக்கம் அடுத்து வருவதைப் பூட்டும். D-க்கு முன்னால் உள்ள டாலர் நெடுவரிசையைப் பூட்டுகிறது. 1-க்கு முன்னால் உள்ள டாலர் வரிசையைப் பூட்டுகிறது. இரண்டும் பூட்டப்பட்ட முகவரிக்கு அப்சல்யூட் ரெஃபரன்ஸ் என்று பெயர், நிலை முகவரி. இப்போது எக்செல் இதை வழியாகக் கொள்ளாது, கதவெண்ணாகக் கொள்ளும். கீழே இழுத்தால்:

```
C4    =B4*$D$1     1440
C5    =B5*$D$1     900
C6    =B6*$D$1     1872
C7    =B7*$D$1     1080
C8    =B8*$D$1     1620
```

B இறங்கிக்கொண்டே போகிறது. விலை அசையாமல் நிற்கிறது. ஐந்தும் சேர்ந்து 6,912 ரூபாய். பிடித்தம் மொத்தம் 190 போக, பட்டுவாடா 6,722.

டாலரைக் கையாலேயே தட்டலாம். கணினியில் இன்னொரு வழியும் உண்டு. ஃபார்முலாவை எழுதும்போது D1 என்று தட்டியவுடன், அல்லது அந்தச் செல்லைக் கிளிக் செய்தவுடன், F4 சாவியைத் தட்டுங்கள். ஒரு முறை தட்டினால் $D$1. இரண்டாம் முறை D$1. மூன்றாம் முறை $D1. நான்காம் முறை பழையபடி D1. சில மடிக்கணினிகளில் F4 திரை வெளிச்சத்தையோ ஒலியையோ மாற்றும்; அங்கே Fn சாவியையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் வருவது பாதிப் பூட்டு. கீழ்நோக்கி மட்டும் நகலெடுக்கும்போது நெடுவரிசை எழுத்து எப்படியும் மாறப் போவதில்லை. மாறுவது வரிசை எண் மட்டும்தான். ஆகவே D$1 என்று போட்டாலும் நம் கணக்கு சரியாக வரும். ஆனால் $D1 என்று போட்டால் மாறாததைப் பூட்டிவிட்டு, மாறுவதைத் திறந்துவிட்டதாக ஆகும். டாலர் ஒன்று கண்ணில் படுகிறதே என்று நம்பி இழுத்தால் பழைய 0, #VALUE!, 1,200 எல்லாம் திரும்ப வரும். டாலர் இருக்கிறதா என்பதோடு, எதற்கு முன்னால் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் $D$1 என்று முழுப் பூட்டுப் போட்டுப் பழகுவது நல்லது.

இந்த இடத்தில் ஒருவர் கேட்பார்: "இவ்வளவு எதற்கு? =B4*36 என்று எழுதிவிட்டால் போச்சே?" விடை சரியாகத்தான் வரும். ஆனால் அடுத்த வாரம் விலை 37 ஆனால் ஃபார்முலாவைத் திருத்தி மறுபடி கடைசி வரை இழுக்க வேண்டும். பாதியில் ஒரு வரிசை விட்டுப்போனால் அவருக்கு மட்டும் பழைய விலை. விலை D1-இல் இருந்தால் அந்த ஒரு செல்லில் 37 என்று தட்டினால் போதும். ஐந்து தொகையும் மாறி மொத்தம் 7,104 ஆகிவிடும். தாளைப் பார்ப்பவருக்கும் எந்த விலையில் கணக்குப் போட்டார்கள் என்பது வெளிப்படையாகத் தெரியும்.

ஒரே ஃபார்முலாவுக்குள் ஒரு முனை நிற்க, மறுமுனை இறங்க வேண்டிய கணக்கும் உண்டு. இதுவரை மொத்தம் எத்தனை லிட்டர் என்று ஒவ்வொரு வரிசையிலும் சேர்த்துக்கொண்டே போக வேண்டும் என்று வையுங்கள். F4 செல்லில் இப்படி எழுதுகிறோம் (சாவி F4 அல்ல, F நெடுவரிசையின் நான்காம் வரிசை):

```
=SUM(B$4:B4)
```

முதல் B$4 பூட்டியது, இரண்டாவது B4 திறந்தது. ஐந்தாம் வரிசையில் இது B$4:B5 ஆகும். எட்டாம் வரிசையில் B$4:B8. வரிசைக்கு வரிசை எல்லை நீள்கிறது. 40, 65, 117, 147, 192 என்று தொகை ஏறிக்கொண்டே வரும். டாலர் இல்லாமல் =SUM(B4:B4) என்று எழுதி இழுத்திருந்தால் இரு முனையும் ஒன்றாக இறங்கி, ஒவ்வொரு வரிசையிலும் அந்தந்த லிட்டர் மட்டுமே வந்திருக்கும். இரு முனையையும் பூட்டியிருந்தால் ஐந்து வரிசையிலும் 40 மட்டுமே வரும். சார்பு முகவரி தவறு, நிலை முகவரி சரி என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் டாலர் போடுவதும் பிழைதான். =$B$4*$D$1 என்று எழுதி இழுத்தால் ஐந்து உறுப்பினருக்கும் 1,440 ரூபாய் வரும். ஒரு நெடுவரிசை முழுவதும் ஒரே எண் நின்றால், தேவையில்லாத இடத்தில் டாலர் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

டாலரைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கையும் உண்டு. அது செல்லையே பூட்டிவிடும், யாரும் அழிக்க முடியாது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நகலெடுக்கும் நேரத்தில் முகவரி மாறாமல் இருக்கத்தான் டாலர். D1-இல் இருக்கும் 36-ஐ யார் வேண்டுமானாலும் மாற்றலாம். அதைத் தடுக்க வேண்டுமானால் தாளுக்குப் பாதுகாப்பு போட வேண்டும், அது வேறு வேலை. தாளின் உச்சியில் சங்கத்தின் பெயரை எழுத ஒரு வரிசையைப் புகுத்தினால் விலை D2-க்கு இறங்கும். ஃபார்முலாக்களில் $D$1 என்பது தானாக $D$2 என்று மாறிக்கொள்ளும். பயப்பட வேண்டாம், கணக்கு கெடாது. ஆனால் விலை இருக்கும் வரிசையையே நீக்கிவிட்டால், டாலர் இருந்தும் பயனில்லை. ஃபார்முலாவில் முகவரி இருந்த இடத்தில் #REF! என்று வந்துவிடும். அப்போது Ctrl-உடன் Z தட்டி நீக்கியதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

அதேபோல, நகலெடுப்பது வேறு, இடம் மாற்றுவது வேறு. C4-ஐ வெட்டி எடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் டாலர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கும் முகவரி மாறாது. காப்பி செய்து ஒட்டினாலோ, மூலையைப் பிடித்து இழுத்தாலோதான் சார்பு முகவரி நகரும்.

இனி, பிழை இருந்தால் கண்டுபிடிப்பது எப்படி? பெரும்பாலோர் முதல் வரிசையைக் கையால் பெருக்கிப் பார்த்துவிட்டுத் திருப்தி அடைகிறார்கள். நம் கணக்கில் முதல் வரிசை டாலர் இல்லாமலும் 1,440 என்று சரியாகவே வந்தது. அதைச் சரிபார்ப்பதில் ஒரு பயனும் இல்லை. பார்க்க வேண்டியது கடைசி வரிசை. C8-ஐக் கிளிக் செய்து F2 தட்டுங்கள். ஃபார்முலாவில் உள்ள முகவரிகளும், அவை காட்டும் செல்களைச் சுற்றியுள்ள கட்டமும் ஒரே நிறத்தில் தெரியும். ஒரு கட்டம் B8-ஐச் சுற்றியும் மற்றொன்று விலையைச் சுற்றியும் இருந்தால் சரி. விலையை விட்டு வேறெங்காவது கட்டம் நின்றால் டாலர் விட்டுப்போயிருக்கிறது. பார்த்து முடித்ததும் எஸ்கேப் தட்டி வெளியே வந்துவிடுங்கள்.

இரண்டாவது சோதனை, வேறு வழியில் கூட்டிப் பார்ப்பது. தாளில் ஏதாவது ஒரு காலிச் செல்லில் இதை எழுதுங்கள்:

```
=SUM(B4:B8)*D1
```

மொத்த லிட்டர் 192, விலை 36, விடை 6,912. C-யின் கூட்டுத்தொகையும் 6,912 வர வேண்டும். இந்த ஃபார்முலாவை எங்கும் இழுக்கப் போவதில்லை, அதனால் டாலர் தேவையில்லை. தவறான தாளில் #VALUE! வந்த வரிசையை மட்டும் திருத்திவிட்டு மற்றதை அப்படியே விட்டிருந்தால் C-யின் கூட்டு 5,862 என்று வந்திருக்கும். 6,912-க்கும் அதற்கும் 1,050 ரூபாய் இடைவெளி. 1,200-ம் 1,350-ம் தனித்தனியாகப் பார்த்தால் சிக்காதவை. இந்தக் கூட்டில் சிக்கிக்கொள்ளும்.

ஐந்து பேர் கணக்கில் இந்தப் பிழையைக் கண்ணாலேயே பிடித்துவிடலாம். 300 வரிசை உள்ள தாளில் சைபரும் #VALUE!-வும் முதல் திரையிலேயே திருத்தப்பட்டுவிடும். நம்பும்படியான தவறான எண்கள் கீழே தங்கிவிடும். எனவே உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். ஒரு பிழை வரிசையைக் கண்டால் அந்த ஒரு செல்லை மட்டும் திருத்திவிட்டு நகராதீர்கள். முதல் செல்லுக்குப் போய் டாலரைப் போட்டு, அங்கிருந்து கடைசி வரை மறுபடி இழுங்கள். பிறகு கடைசிச் செல்லில் F2 தட்டிப் பாருங்கள். அதைப் பார்க்காமல் பட்டுவாடாத் தாளை அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.